போலீஸை மேடைக்கு அழைக்கும் முன் அந்த மூன்று நிமிடம்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும் தலைமை ஆசிரியர்களுக்கும், அந்தக் கூட்டங்களில் மைக் பிடித்து எங்களை அறிமுகம் செய்யும் ஆசிரியர்களுக்கும், வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பெண் காவல் உதவி ஆய்வாளர். பணிக்காலத்தின் பிற்பகுதி முழுக்க அனைத்து மகளிர் காவல் நிலையத்தில். போக்சோ, குழந்தைத் திருமணம், பஸ்ஸில் நடக்கும் தொல்லை, போனில் வரும் மிரட்டல் என்று பேசச் சொல்லி பள்ளிகளிலிருந்து கடிதம் வரும், போவேன். என் பேச்சு எடுபடுமா படாதா என்பது, பெரும்பாலும் நான் வாய் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். நீங்கள் எங்களை அறிமுகப்படுத்தும் அந்த மூன்று நிமிடத்தில்தான் அது முடிவாகிறது. அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை வணக்கக் கூட்டத்தோடு சேர்த்து ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாரையும் மைதானத்தில் உட்கார வைத்திருப்பீர்கள். ஓரத்தில் பி.இ.டி. சார் கையில் பிரம்பு இருக்கும். பிள்ளைகள் சலசலப்பார்கள். மைக்கில் இருப்பவர், "அமைதியா இருங்க, மேடம் பார்த்துக்கிட்டே இருக்காங்க, யார் பேசறதுன்னு குறிச்சுக்குவாங்க" என்பார். மைதானம் அடங்கிவிடும். அப்புறம் என் பதவி, வாங்கிய பதக்கம், "ரவுடிகளின் சிம்ம சொப்பனம்" என்று ஒரு பாராட்டு, சால்வை, நினைவுப் பரிசு. கடைசியில், "காவல்துறை உங்கள் நண்பன். பயப்படாம கேள்வி கேளுங்க." யார் கேட்பார்கள்? முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வியை மாணவர் தலைவன் எழுந்து வாசிப்பான். எல்லாரும் கைதட்டுவார்கள்.

பேசினால் குறித்துக்கொள்வாள் என்று சொல்லித்தான் என்னை நிறுத்துகிறீர்கள். அடுத்த அரை மணி நேரத்தில் நானோ, உங்களுக்கு ஏதாவது நடந்தால் வந்து பேசுங்கள் என்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டில் எதை நம்பும்? முதலில் சொன்னதைத்தான் நம்பும். வீட்டிலும் அதையே கேட்டு வளர்ந்த பிள்ளை அது. சோறு சாப்பிடாவிட்டால் போலீஸ்காரனிடம் பிடித்துக்கொடுப்பேன் என்று அம்மா ஆரம்பித்ததை, பள்ளி மேடை உறுதி செய்துகொடுக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் போலீஸ் பயம் வெறும் கதை இல்லை. நடுராத்திரியில் கதவைத் தட்டி அப்பாவைக் கூட்டிப்போனதைப் பார்த்த பிள்ளை இருக்கும். திருட்டு நடந்தால் முதலில் எங்கள் குடியிருப்புக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்த பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையிடம் "உங்கள் நண்பன்" என்றால் அது மனசுக்குள் சிரிக்கும். அதோடு கேட்பதை நிறுத்திவிடும். அதனால்தான் சொல்கிறேன், நாங்கள் நல்லவர்கள் என்று நீங்கள் சான்றிதழ் தர வேண்டாம். இன்று வந்திருக்கும் இந்த ஒரு ஆள் இங்கே என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். அதையும் அவர் காது கேட்க, அவர் முன்னாலேயே சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அவரும் அதற்குக் கட்டுப்பட்டவராகிவிடுகிறார்.

இதற்கு முந்தின நாளே ஒரு போன் போட வேண்டியிருக்கும். ஸ்டேஷனுக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, யார் வந்தாலும் சரி என்று இருந்துவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவரை நியமிக்கலாம். அவர் சிறப்பு எஸ்.ஐ.யாகவோ எஸ்.ஐ.யாகவோ இருப்பார். "அவர்தான் வர முடியுமா?" என்று கேளுங்கள். கேட்டால் பல நேரம் அவரே வருவார், கேட்காவிட்டால் அன்று பந்தோபஸ்து இல்லாத யாரோ ஒருவர் வருவார்.

வருபவரிடம் மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிடலாம்? ஸ்டேஷனில் தினமும் நீங்கள் செய்யும் வேலை என்ன? கூட்டம் முடிந்து ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால் அடுத்து என்ன நடக்கும்? பதக்கப் பட்டியல் தேவையில்லை. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அன்று போனிலேயே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேடையில் போய் அதைத் தேட முடியாது.

அதே நாள் மாலையில் வகுப்பாசிரியர்கள் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: "நாளைக்கு ஒரு போலீஸ் அம்மா பேச வர்றாங்க, யாரையும் விசாரிக்க வரலை." இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் காலையில் பள்ளி வாசலில் ஜீப் நின்றால் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதல் பீரியட் முடிவதற்குள் யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்பதற்கு நாலு கதை உருவாகியிருக்கும். நாலு கதையிலும் ஏதோ ஒரு பையனின் பெயர் இருக்கும். பாவம், அவன் அன்று வகுப்புக்கே வர மாட்டான்.

சரி, அறிமுகத்துக்கு வருவோம். ஒரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்பு, ஆணும் பெண்ணும் சேர்ந்து நூறு பேருக்குள். இடம் ஒரு பெரிய வகுப்பறை அல்லது ஹால். பேசப்போகும் விஷயம், போனில் படம் கேட்பது, வாங்கிய படத்தை வைத்து மிரட்டுவது. வந்திருப்பவர் மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. அறிமுகம் செய்பவர் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தானாக வந்து பேசும் ஆசிரியர் ஒருவர் எந்தப் பள்ளியிலும் இருப்பார், அவர் செய்யட்டும். இப்படிப் பேசலாம்:

"உட்காருங்க பா. இவங்க நம்ம ஊர் மகளிர் ஸ்டேஷன் எஸ்.ஐ. நீங்க 'மேடம்'னு கூப்பிடலாம், 'அக்கா'ன்னாலும் சரின்னு சொல்லியிருக்காங்க. தோள்ல ரெண்டு ஸ்டார், ஒரு சிவப்பு நீல ரிப்பன் தெரியுதா? அது எஸ்.ஐ.ங்கறதுக்கு அடையாளம். தினமும் காலையில ஸ்டேஷனுக்கு வர்றவங்க கொடுக்கற மனுவை வாங்கிப் படிச்சு, விசாரிச்சு, ரசீது போட்டுக் கொடுக்கறதுதான் இவங்களோட முக்கால்வாசி வேலை. இன்னைக்கு இவங்க வந்தது நம்ம ஸ்கூல்ல யாரும் தப்பு பண்ணினதுக்காக இல்லை. நான்தான் கூப்பிட்டேன். யாரோட போனையும் வாங்கிப் பார்க்க மாட்டாங்க. யாரையும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டாங்க. யார் பேரையும் எழுதிக்க மாட்டாங்க. இருபது நிமிஷம் பேசுவாங்க. அப்புறம் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம். தனியா ஏதாவது பேசணும்னா, முடிஞ்சதும் அந்த வேப்பமரத்தடியில அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாங்க. சொன்னா என்ன ஆகும்னு அவங்களே முதல்ல சொல்லிட்டு ஆரம்பிப்பாங்க. மேடம், வாங்க."

இவ்வளவுதான். நிதானமாகப் படித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

ஸ்டாரைக் காட்டச் சொன்னது விளையாட்டுக்காக இல்லை. யூனிஃபார்மைப் பார்த்துப் பயப்படும் பிள்ளை அதை மொத்தமாகப் பார்த்துத்தான் பயப்படுகிறது. இது எதற்கு, அது எதற்கு என்று தனித்தனியாகப் பார்க்க வைத்தால் பார்வை மாறிவிடும். நான் போன ஒரு பள்ளியில் தமிழாசிரியை ஒருவர், "மேடம் காலையில ஆறு மணிக்கே கோயில் திருவிழா ட்யூட்டிக்குப் போயிட்டு நேரா வந்திருக்காங்க, இன்னும் டிபன் சாப்பிடலை" என்று சொல்லி என்னை அறிமுகம் செய்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, டப்பாவிலிருந்து ஒரு இட்லியை எடுத்து நீட்டினாள். மொத்த ஹாலும் சிரித்தது. அன்று வந்த கேள்விகள் மாதிரி வேறெங்கும் எனக்கு வந்ததில்லை. பசித்த ஆள் ஒருத்தி என்று தெரிந்துவிட்டால் போதும் போலிருக்கிறது.

"நான்தான் கூப்பிட்டேன்" என்ற வார்த்தை முக்கியம். போலீஸ் தானாக வந்தால் காரணம் இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கும். நீங்கள் கூப்பிட்டு வந்தவர் என்றால், அவரை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒரு தைரியம் வரும்.

பேசி முடித்த பிறகு, சொன்னால் என்ன ஆகும் என்ற இடத்தில்தான் பல ஆசிரியர்கள் நல்லெண்ணத்தில் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். "நீங்க சொல்றது மேடத்தைத் தாண்டி யாருக்கும் போகாது" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுக்கவே முடியாது. போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். எனக்கும் அப்படித்தான், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ரகசியம் என்று நம்பிச் சொன்ன பிள்ளைக்கு மறுநாள் வழக்குப் பதிவாகிறது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையும் அதன் தோழிகளும் அப்புறம் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்களே என்று நீங்கள் நினைக்கலாம். முழு உண்மையைச் சொன்னால் பயம் குறைகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு குழந்தையின் பக்கம் நிற்கிறது. வாக்குமூலம் வாங்கப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது, வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். முடிந்த வரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அலுவலர்தான் வாங்க வேண்டும். அப்போது அவர் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் எதிரே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிரிவுகளின்படி, பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். பெயரைப் பத்திரிகையிலோ டிவியிலோ போட முடியாது.

மேடையில் இதைப் பிரிவு எண்ணோடு வாசிக்க வேண்டாம். "நடந்ததை நான் யாரிடம் சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லியே ஆகணும், ஊருக்குச் சொல்ல மாட்டேன். உன்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல மாட்டேன். நானே சுடிதார் போட்டுக்கிட்டு உன் வீட்டுக்கோ நீ சொல்ற இடத்துக்கோ வருவேன்." இப்படித்தான் நான் சொல்வேன். சுடிதார் என்றதும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு முகங்கள் மாறும்.

துண்டுச் சீட்டு பற்றிக் கொஞ்சம். சந்தேகம் இருப்பவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றால், எழுதும் பிள்ளை எல்லார் கண்ணுக்கும் தெரியும். எல்லாரும் எழுத வேண்டும், ஒன்றும் இல்லாதவர்கள் "ஒன்றும் இல்லை" என்று எழுதட்டும். எல்லாச் சீட்டும் ஒரே அளவில், ஒரே மாதிரி மடித்து, பெயர் இல்லாமல். பெட்டியைத் திறப்பது வந்திருக்கும் அலுவலர்தான், வகுப்பாசிரியர் இல்லை. ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் அத்துப்படி, அது பிள்ளைகளுக்கும் தெரியும். சொல்வதற்குக் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சில சீட்டுகளில் இருப்பது பள்ளிக்குள்ளேயே இருக்கும் ஒருவரைப் பற்றியது. பொதுச் சந்தேகங்களை மட்டும் சத்தமாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். தனக்கு நடந்ததை ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அந்தச் சீட்டை முகம் மாறாமல் மடித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சீட்டில் பெயர் இல்லாததால், அலுவலர் மறுபடி பொதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும்: "எழுதினவங்க யாரா இருந்தாலும் மரத்தடிக்கு வாங்க, வர முடியலைன்னா 1098-க்குப் போன் பண்ணுங்க." படம், பணம், ஆன்லைன் மிரட்டல் என்றால் 1930. இந்த இரண்டு எண்ணையும் அறிமுகத்துக்கு முன்பே கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். மைக்கில் வேகமாகச் சொல்லும் எண் யாருக்கும் நிற்காது. நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னால் எழுதும் பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளை பார்க்கும்.

தனியாகப் பேசும் இடம் மரத்தடியோ நூலக மூலையோ, எல்லாருக்கும் தெரிகிற, யாருக்கும் கேட்காத இடமாக இருக்க வேண்டும். எச்.எம். அறை கூடவே கூடாது. அந்த அறைக்குள் போய் வந்த பிள்ளையை மாலைக்குள் பத்துப் பேர் "என்ன விஷயம்" என்று கேட்டிருப்பார்கள்.

டிராஃபிக் போலீஸை அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் பைக்கில் வருவதை வைத்துத்தான் பெரும்பாலும் அழைக்கிறீர்கள். தயவுசெய்து "இதோ இவன்தான் சார், தினமும் மூணு பேரை ஏத்திக்கிட்டு வர்றான்" என்று கை காட்டாதீர்கள். அன்று அவன் ஹீரோ ஆகிவிடுவான், அல்லது அவமானப்பட்டு வன்மம் வைத்துக்கொள்வான். இரண்டிலும் மற்றவர்களுக்கு வேடிக்கைதான். "இன்னைக்கு யாருக்கும் ஃபைன் போட சார் வரலை" என்று சொல்லுங்கள், அதை அவரிடம் முன்பே கேட்டு உறுதி செய்துவிட்டு. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டி மாட்டினால் வண்டி கொடுத்த அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது என்பதும் 2019 திருத்தத்தில் வந்தவை. அதை அவர் நிதானமாகச் சொன்னாலே ஹால் அமைதியாகிவிடும். நீங்கள் முன்னாலேயே மிரட்டிவிட்டிருந்தால் அதுவும் மிரட்டலோடு மிரட்டலாகப் போய்விடும்.

அறிமுகம் சரியாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமைதியை நம்பாதீர்கள், பயந்தாலும் அமைதியாகத்தான் இருப்பார்கள். பேசுபவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னதும் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள். சிரிக்கலாமா என்று முதலில் ஆசிரியர் முகத்தைப் பார்த்தால் இன்னும் பயத்தில்தான் இருக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் சரியாகிவிட்டது. நடுவில் ஒருவன் கை தூக்காமலேயே "அப்போ ஸ்கிரீன்ஷாட் இருந்தா போதுமா மேடம்?" என்று கேட்டுவிட்டால் அவனைத் திட்டாதீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் வந்தோம்.

எவ்வளவு நன்றாக அறிமுகம் செய்தாலும், வருபவரே மேடை ஏறி "ஒழுங்கா இருக்கணும், இல்லைன்னா உள்ளே போட்டுடுவேன்" என்று ஆரம்பித்துவிட்டால் எல்லாம் போச்சு. எங்கள் ஆட்களில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது நீங்கள் முறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், மைக்கைப் பிடுங்கவும் வேண்டாம். "மேடம், நேத்து போன்ல சொன்னீங்களே, ஸ்டேஷனுக்கு வராமலே புகார் கொடுக்கலாம்னு, அதை முதல்ல சொல்லிடுங்க, பசங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று பணிவாக ஒரு வார்த்தை போடுங்கள். வண்டி தானாகத் தடம் மாறும். முந்தின நாள் போன் இதற்கும் உதவும்.

கடைசியாக நன்றியுரை. ஒரு மணி நேரம் பாடுபட்டு, பிள்ளைகள் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு பேர் மரத்தடிப் பக்கம் பார்க்க ஆரம்பித்திருக்கும் நேரத்தில் ஒருவர் மைக் பிடித்து, "கேட்டீங்கல்ல? இனிமே எவனாவது தப்பு பண்ணினா மேடம் நம்பர் என்கிட்ட இருக்கு" என்பார். நன்றியுரை சொல்லப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இரண்டே வரி போதும், நன்றி என்ற வார்த்தையும் மரத்தடி எங்கே இருக்கிறது என்பதும். சால்வை, நினைவுப் பரிசு, போட்டோ எல்லாம் பிள்ளைகள் கலைந்த பிறகு எச்.எம். அறையில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அந்த அரை மணி நேரம் முடிந்த பிறகு. போட்டோவுக்கு எங்களை நீங்கள் இழுத்துப்போன நேரத்தில் மரத்தடிக்கு வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப்போன பிள்ளை யார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஒருவர்